உஷார்! மண் அட்டையில் உள்ள உப்பு எண்ணை நம்பி மிளகாய் நடாதீர்கள்

கடலோர மாவட்டங்களிலும் உப்புத் தண்ணி ஏறிய போர்வெல் பாசனத்திலும் இருக்கும் விவசாயிகளுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மண் வள அட்டையில் "மின் கடத்துதிறன்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 0.75 டெசிசைமன் என்று எழுதி, பக்கத்தில் "பாதிப்பில்லை" என்று போட்டிருக்கலாம். பயிர் வாரியாக எவ்வளவு உப்பைத் தாங்கும் என்ற பட்டியலை யாரோ உங்கள் கைபேசிக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் மிளகாய்க்கு நேராக 1.5 என்று இருக்கும். முக்கால், ஒன்றரையில் பாதிதானே, தாராளமாக நடலாம் என்று தோன்றும். நடாதீர்கள். அட்டையில் இருக்கும் எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒரே அலகில் எழுதப்பட்டவைதான். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. அந்த 0.75, பட்டியலின் கணக்குக்கு மாற்றினால் 4, 5 என்று போய் நிற்கக்கூடும். அந்த அளவில் மிளகாய் விளைச்சல் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

எண் ஏன் இப்படி மாறுகிறது என்று பார்ப்போம். நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணோடு இரண்டரை பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அந்தக் கலங்கல் நீரில் கடத்துதிறனை அளக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்த்துவிடலாம். நாடு முழுவதும் 2015இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தின் எண்ணும் இப்படி வருவதுதான். பயிர்ப் பட்டியலின் எண் வேறு வழியில் வருகிறது. அங்கே மண்ணில் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, மண் தாங்கக்கூடிய அளவு வரை மட்டும் ஈரமாக்கிக் குழைவாக்குகிறார்கள். அந்தக் குழைவிலிருந்து உறிஞ்சியெடுத்த சாற்றில்தான் கடத்துதிறனை அளக்கிறார்கள். ஒரே ஒரு கைப்பிடி உப்பை ஒரு செம்பிலும் ஒரு குடத்திலும் கரைத்துவிட்டு இரண்டும் ஒரே கரிப்பா என்று கேட்பதைப் போன்றது இந்த ஒப்பீடு.

எத்தனை மடங்கு நீர்த்துப் போகிறது என்பது மண்ணின் வகையைப் பொறுத்தது. குழைவாக்க 100 கிராம் மண்ணுக்கு எத்தனை கிராம் தண்ணீர் பிடித்தது என்பதை நிறைவு ஈர விழுக்காடு என்கிறோம். மணற்பாங்கான மண்ணில் இது 25 முதல் 35 வரை இருக்கும். கனத்த களிமண்ணில் 60, 80 என்று போகும். கலங்கல் முறையிலோ எந்த மண்ணாக இருந்தாலும் 100 கிராமுக்கு 250 கிராம் தண்ணீர்தான். ஆகவே நிறைவு ஈரம் 35 உள்ள மணல் கலந்த வண்டலில் உப்பு ஏழு மடங்கு நீர்க்கிறது, 70 உள்ள களிமண்ணில் மூன்றரை மடங்குதான் நீர்க்கிறது. அட்டையில் ஒரே 0.75 இருந்தாலும் மணற்பாங்கான நிலத்துக்காரருக்குத்தான் ஆபத்து அதிகம். தண்ணீர் சுலபமாக இறங்கும் மண்ணில் உப்பு நிற்காது என்ற நினைப்பில் இருப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

சரி, பெருக்கிக்கொண்டால் போதுமே என்று தோன்றும். 0.75 ஐ 250 ஆல் பெருக்கி 35 ஆல் வகுத்தால் 5.4 வருகிறது. இதை மேல் வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஜிப்சம் போன்ற மெதுவாகக் கரையும் உப்புகள் இருந்தால், அதிகத் தண்ணீர் ஊற்றும்போது குழைவில் கரையாமல் இருந்ததும் சேர்ந்து கரைந்து கலங்கல் நீரின் எண்ணைக் கூட்டிவிடும். அதைப் பெருக்கினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதனால் இந்தப் பெருக்கல் "இந்த நிலத்துக்குச் சாற்று ஆய்வு வேண்டும்" என்று எச்சரிக்கத்தான் பயன்படும், தீர்ப்புச் சொல்ல ஆகாது. இணையத்தில் ஏழால் பெருக்கு, பதினான்கால் பெருக்கு என்று பல காரணிகள் சுற்றுகின்றன. அவற்றில் பல, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்க்கும் முறைக்காக வேறு நாட்டு மண்ணில் கண்டவை. அவற்றை எடுத்து நம் அட்டை எண்ணின் மேல் வைத்தால் இன்னொரு தவறுதான் பிறக்கும்.

குழைவுச் சாற்றில் அப்படி என்ன விசேஷம்? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருக்கும் உவர் மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட 60ஆம் கையேடுதான் இந்த முறையை நிலைநிறுத்தியது. நிறைவு ஈரம் மண்ணுக்கு மண் மாறினாலும், வயலில் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தோடு அதற்கு ஓர் உறவு உண்டு. பாசனம் முடிந்து மிகுதி நீர் வடிந்தபின் மண்ணில் நிற்கும் ஈரம், பொதுவாக நிறைவு ஈரத்தில் பாதியளவு இருக்கும். ஆகவே வேர் உண்மையில் சந்திக்கும் மண் நீரின் உப்பு, சாற்றின் எண்ணைப்போல் சுமார் இரண்டு மடங்கு. மண் காயக் காய அது இன்னும் ஏறும். மணலோ களியோ, இந்த உறவு ஓரளவுக்கு ஒரே மாதிரி இருப்பதால்தான் பயிரின் பாதிப்பைச் சாற்றின் எண்ணோடு சேர்த்துச் சொல்ல முடிந்தது. மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977இல் பயிர்வாரியாகத் தொகுத்த தாங்குதிறன் பட்டியலும், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 29ஆம் பாசன வெளியீட்டில் 1985இல் திருத்தி வந்த பட்டியலும் இந்தச் சாற்று எண்ணையே பேசுகின்றன. கைபேசியில் சுற்றும் எல்லாப் பட்டியலும் பெரும்பாலும் அவற்றின் நகல்தான், எந்த முறை எண் என்ற குறிப்பை மட்டும் வழியில் தொலைத்துவிட்ட நகல்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்கள் உண்டு. விளைச்சல் குறையத் தொடங்கும் வரம்பு ஒன்று, அதற்குமேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் எத்தனை விழுக்காடு குறைகிறது என்ற சரிவு மற்றொன்று. பலர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். மிளகாய்க்கு வரம்பு 1.5, சரிவு 14. நிலக்கடலைக்கு வரம்பு 3.2, பார்க்கத் தெம்பாக இருக்கிறது, ஆனால் சரிவு 29. சாறு 5 டெசிசைமனைத் தொட்டால் மிளகாய் 51 விழுக்காட்டுக்கு இறங்குகிறது, நிலக்கடலையோ அதற்கும் கீழே 48க்குப் போய்விடுகிறது. வரம்பைத் தாண்டும் வரை நன்றாக நின்று, தாண்டியதும் செங்குத்தாக விழும் பயிர் அது. பருத்தியின் வரம்பு 7.7. அதே மண்ணில் பருத்திக்கு உப்பால் ஒரு குறையும் தெரியாது. பக்கத்து வயல் பருத்தி செழிப்பாக நிற்கிறதே என்று பார்த்து மிளகாய் நடுவது எத்தனை பெரிய ஏமாற்றம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். கடலோரத்தில் மணல் கலந்த வண்டல் நிலம் ஓர் ஏக்கர். அட்டையில் 0.75. சந்தேகம் வந்து குழைவுச் சாறு எடுத்துப் பார்த்தால் 4.5 டெசிசைமன், நிறைவு ஈரம் 35 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். மிளகாயின் வரம்பான 1.5 ஐக் கழித்தால் 3. அதைச் சரிவான 14 ஆல் பெருக்கினால் 42. ஆக, மற்ற எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைக்கக்கூடியது 58 விழுக்காடு மகசூல். உரம், மருந்து, கூலி எதுவும் அந்த 42ஐத் திருப்பித் தராது. இலை ஓரம் கருகுவதற்கும் செடி குட்டையாவதற்கும் வேறு காரணம் தேடி, மருந்துக் கடைக்கு அலைந்து, உரத்தைக் கூட்டிப் போட்டால் உப்பு இன்னும் ஏறும். உரமும் உப்புதான்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. சாறு 4 டெசிசைமனைத் தாண்டினால்தான் உவர் மண் என்பது பழைய 60ஆம் கையேட்டின் வகைப்பாடு. அது மண்ணுக்கு இட்ட பெயர். 3.9 என்று வந்து "உவரில்லை" என்று எழுதியிருந்தாலும் மிளகாய் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். வெங்காயத்தின் வரம்பு 1.2, சரிவு 16, அது இன்னும் மோசம். தவிர, இந்த வரம்புகள் எல்லாம் பொதுவாக நன்றாக வேரூன்றிய பயிருக்கு. முளைப்பிலும் நாற்றுப் பருவத்திலும் பல பயிர்கள் இதைவிட மென்மையானவை. நெல்லின் வரம்பு 3 என்றாலும் இளநாற்றும் பூக்கும் பருவமும் அதற்குள்ளேயே அடிபடும்.

ஆய்வக அறிக்கை வந்ததும் முதலில் நிறைவு ஈர விழுக்காடு என்ற எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குழைவு செய்த ஆய்வகத்திடம் அந்த எண் இருந்தே ஆகும். இல்லையென்றால் அவர்கள் கலங்கல் முறையில் அளந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள். எண் இருந்தால் அது உங்கள் மண்ணோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கையில் பிடித்தால் மணல் உதிரும் மண்ணுக்கு 60 என்று வந்தால், குழைவு ஆக வேண்டிய மண் கூழாகிவிட்டது என்று அர்த்தம். சரியான குழைவு பளபளக்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் மெல்ல நகரும், கரண்டியிலிருந்து ஒட்டாமல் வழுக்கி விழும். மேலே தண்ணீர் தேங்கி நிற்காது. சில மணி நேரம் மூடி வைத்தபின் மறுபடி பார்த்து, இறுகியிருந்தால் தண்ணீரும் நீர் தேங்கியிருந்தால் மண்ணும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் எண்ணில் அந்தத் தண்ணீரின் உப்பும் ஏறிவிடும். அளவீட்டை 25 பாகை செல்சியஸுக்குத் திருத்தாமல் விட்டாலும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 2 விழுக்காடு பிழை வரும். அலகையும் பாருங்கள். 4,500 மைக்ரோசைமன் என்பதும் 4.5 டெசிசைமன் என்பதும் ஒன்றேதான்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழை இதைவிடப் பெரியது. அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை எக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரிதான் எடுக்கிறார்கள். ஆறு ஏக்கருக்கும் மேல். உப்பு அப்படிச் சமமாகப் படுத்திருக்காது. பாரில் பாசனம் செய்தால் நீர் ஆவியாகும் மேட்டின் உச்சியில் உப்பு குவியும், சால் அடியில் குறைந்திருக்கும். சொட்டு நீரில் ஈர வட்டத்தின் ஓரத்தில் வளையமாகத் திரளும். மேல்மண்ணை மட்டும் சுரண்டி, அதுவும் நல்ல மழைக்கு அடுத்த நாள் எடுத்தால் நல்ல எண்தான் வரும். கோடையில், பாசனத்துக்குச் சற்று முன்பு, வேர் ஓடும் ஆழம் முழுவதும் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்து எடுங்கள். மோசமாக வளரும் இடத்துக்குத் தனி மாதிரி வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் அந்த இடத்தின் உண்மை மறைந்துவிடும். சொட்டு நீர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நெடுநாள் கழித்துச் சிறு மழை பெய்யும்போது ஓரத்தில் திரண்ட உப்பு வேருக்குள் இறங்கும், அந்த நேரத்தில் சொட்டை நிறுத்தாதீர்கள்.

இனி உப்பைக் கழுவும் கணக்கு. மிக ஆபத்தான பிழை நடப்பது இங்கேதான். இரண்டு வேலைகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே சேர்ந்த உப்பை ஒரு முறை கழுவி இறக்குவது ஒன்று. பாசன நீர் ஒவ்வொரு தடவையும் கொண்டுவரும் உப்பு மறுபடி சேராமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வேலைக்கு ஒரு சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது:

```
LR = ECw / (5 × ECe − ECw)
```

LR என்பது வேருக்குக் கீழே வடிந்து போக வேண்டிய நீரின் பங்கு, ECw பாசன நீரின் கடத்துதிறன். ECe என்ற இடத்தில் பயிர் தாங்கக்கூடிய சாற்று எண்ணைப் போட வேண்டும். பலர் தங்கள் மண்ணின் அறிக்கை எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். போர் தண்ணீர் 1.5 டெசிசைமன் என்று எடுத்து, மண்ணின் 4.5 ஐப் போட்டுப் பாருங்கள். 1.5 ஐ 21 ஆல் வகுத்தால் 0.07, அதாவது ஏழு விழுக்காடு. மண்ணில் உப்பு கூடக் கூட, கழுவத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று கணக்குச் சொல்கிறது! அப்படி ஒரு விடை வந்தாலே தவறான எண்ணைப் போட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சரியாகப் போட்டால், மிளகாயில் 90 விழுக்காடு மகசூலுக்குச் சாறு 2.2 வரை அனுமதிக்கலாம். ஐந்தால் பெருக்கினால் 11, அதில் 1.5 கழித்தால் 9.5. விடை 0.16. பயிருக்குப் பருவம் முழுவதும் 500 மில்லிமீட்டர் தேவை என்றால், அதை 0.84 ஆல் வகுத்துச் சுமார் 595 மில்லிமீட்டர் கொடுக்க வேண்டும். முழு மகசூல்தான் வேண்டும் என்று 1.5 ஐப் போட்டால் பங்கு கால்வாசியாகிறது, தேவை 667 மில்லிமீட்டருக்கு ஏறுகிறது. கடைசிப் பத்து விழுக்காட்டுக்கு இவ்வளவு தண்ணீர் இறைப்பது என் பார்வையில் கட்டுப்படியாகாது.

இந்தக் கூடுதல் நீரைத் தனியாக இறைக்க வேண்டுமா என்பது பாசன முறையைப் பொறுத்தது. வாய்க்காலில் பாய்ச்சுபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல்தான் பாய்ச்சுகிறார்கள். கீழே வடியும் அந்த நீரே கழுவும் வேலையைச் செய்துவிடலாம். அளந்து கொடுக்கும் சொட்டு நீரில் அப்படிக் கசிவு கிடையாது, அங்கே உப்பு மெல்ல மெல்ல ஏறும். சூத்திரம் மழையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல மழை பெறும் ஆண்டில் விடை அதிகமாகவே இருக்கும். ஒவ்வொரு பாசனத்திலும் கூட்டிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. சாறு வரம்பை நெருங்கும்போது கழுவினால் போதும், நைட்ரஜன் உரம் வீணாக இறங்காமலும் இருக்கும்.

நம் ஓர் ஏக்கருக்கு முதல் வேலையே பாக்கி. 4.5 ஐ 2.2 க்கு இறக்க வேண்டும், 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. விட்டுவிட்டுத் தேக்கி இறக்கும் முறையில் ஹாஃப்மன் கண்ட கணக்கு இது: மீந்திருக்கும் உப்பின் பங்கையும், மண் ஆழத்துக்கு நீர் ஆழம் எத்தனை பங்கு என்பதையும் பெருக்கினால் சுமார் 0.1 வரும். உப்பில்லாத மழைநீர் என்றால் மீதம் 0.49 பங்கு. ஆக நீர் ஆழம் மண் ஆழத்தில் ஐந்தில் ஒன்று, அதாவது 12 சென்டிமீட்டர். அதே 1.5 போர் தண்ணீரில் கழுவினால் அது தன் உப்பையும் விட்டுச் செல்வதால் தேவை 16 சென்டிமீட்டரை நெருங்கும். ஏக்கருக்கு அது ஆறரை லட்சம் லிட்டர். இவை மண்ணின் வறட்சி தீர்ந்தபின் வேர்ப்பகுதியைக் கடந்து இறங்க வேண்டிய அளவு. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் நிலத்தைச் சமன் செய்து, வரப்பை உயர்த்திக் கட்டி, மழையை ஓடவிடாமல் நிறுத்துவதுதான் மிக மலிவான கழுவல். மழை முடிந்ததும் மறுபடி சாறு எடுத்துப் பாருங்கள். கணக்கு வழிகாட்டும், அளவீடுதான் உறுதி சொல்லும்.

இரண்டு நிலங்களில் மட்டும் இதைத் தொடங்கவே கூடாது. நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டருக்குள் நிற்கிற இடம் ஒன்று. வடிகால் இல்லாமல் அங்கே நீர் தேக்கினால் உவர் நீர்மட்டம் எழும்பி, வெயிலில் நுண்துளை வழியே ஏறி, கழுவிய உப்பையும் சேர்த்து மேலே கொண்டுவரும். ஒரு குழி தோண்டி நீர்மட்டத்தைப் பாருங்கள். முதலில் வடிகால், பிறகு கழுவல்.

மற்றொன்று களர் நிலம். மண்துகளில் ஒட்டிய சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் என்றால், மண்ணில் இருக்கும் உப்பே துகள்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. மழைநீரால் உப்பைக் கழுவி சோடியத்தை விட்டுவைத்தால் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே சேறு, வெயிலில் ஓடு, கீழே ஒரு சொட்டும் இறங்காது. சாற்று எண் மட்டும் நல்லதாகக் காட்டும். இந்த நிலத்துக்கு ஆய்வு சொல்லும் அளவு ஜிப்சம் போட்டுக் கலந்தபின்தான் நீர் தேக்க வேண்டும். கடத்துதிறன் எண் சோடியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆகவே சாறு எடுக்கும்போதே அதில் சோடியம், கால்சியம், மக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்றங்கால் போடுவதற்கு முன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் கல்லூரியின் மண்ணியல் துறைக்கோ போய், "கலங்கல் வேண்டாம், குழைவுச் சாற்றில் கடத்துதிறன் பார்த்து, நிறைவு ஈர விழுக்காட்டோடு எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். போர் தண்ணீரையும் ஒரு புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டு எண்களும் கைக்கு வரும் வரை மிளகாய், வெங்காய விதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.